‘ஸ்டோர்மேன் தேவை’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளத் துறை நண்பர்களுக்கு,

வணக்கம். ஆலையோ, பள்ளியோ, மருத்துவமனையோ, ஆள் எடுப்பதற்கு முன்னால் அந்த வேலைக்கான பணி விவரத்தை எழுதுகிறவர்கள் நீங்கள். நீங்கள் எழுதியதில் பிழை பார்த்து அச்சுக்கு அனுப்புவது என் பிழைப்பு. கோவைப் பக்கத்து ஆலைகளின் தாள்கள்தான் என் மேசைக்கு அதிகம் வரும் என்பதால், இந்த மடலிலும் ஆலை வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

இப்போது பழைய பணி விவரங்கள் பலவும் திருத்தத்துக்கு வருகின்றன. ‘பாலினப் பொதுமையாக மாற்றவும்’ என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வருகிறது. அதை நிறைவேற்ற நீங்கள் பட்ட பாடு தாளில் தெரிகிறது. வரிக்கு வரி சாய்கோடு. ‘அவன்/அவள்’, ‘வருபவன்/வருபவள்/வருபவர்’, ‘பையன்/பெண்’. நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த வரிகளைச் சத்தமாகப் படித்தால் மூச்சு முட்டுகிறது. வேலை தேடி வருகிறவர் மூன்றாவது வரியிலேயே தாளை மடித்து வைத்துவிடுவார். இந்தத் திருத்தத்தைத் தமிழில் சாய்கோடு இல்லாமலேயே செய்யலாம். பெரும்பாலான இடங்களில் வாக்கியம் முன்பைவிடச் சுருங்கும். எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நிறுவனத்தின் பணியிடப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாகப் படியுங்கள். பொது மேலாளர், கணக்காளர், பொறியாளர், மேற்பார்வையாளர். இந்த நாற்காலிகளில் ஆண் உட்கார்ந்திருக்கிறாரா, பெண் உட்கார்ந்திருக்கிறாரா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கீழே வாருங்கள். ஸ்டோர்மேன், வாட்ச்மேன், ஆபீஸ் பாய், டீ வாங்கி வரும் பையன், பெருக்கும் பெண், சமையல்காரம்மா, ஆயா. சம்பளம் குறையக் குறையப் பால் தெரிய ஆரம்பிக்கிறது.

இது தற்செயல் இல்லை. நம் மொழியில் மரியாதையும் பாலும் ஒரே விகுதியில் பிணைந்து கிடக்கின்றன. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்றால் ஆண், பெண் தெரியும், மரியாதை இருக்காது. ‘வந்தார்’ என்றால் மரியாதை வந்துவிடும், ஆண் பெண் மறைந்துவிடும். பலர்பால் விகுதியை ஒருவருக்கே மரியாதைக்காகக் கொடுப்பது நேற்று வந்த பழக்கமல்ல. ‘ஒருவர்’ என்ற சொல் ஆண், பெண் இருபாலுக்கும் பொது, அது பன்மை வினை கொண்டு முடியும் என்று நன்னூலே இலக்கணம் சொல்லி வைத்திருக்கிறது. ஆக, இந்த மொழியில் பாலினப் பொதுமை மரியாதையோடு சேர்ந்து இலவசமாகக் கிடைக்கிறது. எங்கே மரியாதையைக் கொடுக்காமல் விட்டோமோ அங்கேதான் பால் துருத்திக்கொண்டு நிற்கிறது. மேலாளர் பணி விவரத்தைத் திருத்த என்னிடம் யாரும் அனுப்புவதில்லை. அதில் திருத்த ஒன்றும் இருக்காது. அனுப்புவதெல்லாம் கடைநிலைப் பணிகளின் தாள்கள்தான்.

ஒரு பணியை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்துவிடுவோம். நூற்பாலை ஒன்றின் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கீழே இருப்பது எந்த ஒரு ஆலையின் தாளும் அல்ல. பல தாள்களில் அடிக்கடி பார்ப்பவற்றைச் சேர்த்து நானே எழுதியது.

> ஸ்டோர்மேன் – 1. ஆண்கள் மட்டும். நல்ல உடல்வாகுள்ள, துடிப்பான இளைஞர்கள் விண்ணப்பிக்கவும். கிடங்கின் வரவு செலவைப் பதிவேட்டில் தினமும் எழுதி வருபவனாக இருக்க வேண்டும். அவனுக்கு உதவியாக ஒரு பையன் கொடுக்கப்படுவான். மேற்பார்வையாளர் சாவியை ஒப்படைத்ததும் அவன் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பெருக்கும் பெண் வேலை முடித்துப் போனபின் கிடங்கைப் பூட்ட வேண்டும். வாரம் ஒரு முறை இரவுப் பணி உண்டு. அவனுக்கும் மனைவி, குழந்தைகளுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு.

இது திருத்தத்துக்குப் போனால் வழக்கமாக இப்படித் திரும்பி வரும்:

> ஸ்டோர்மேன்/ஸ்டோர்வுமன் – 1. கிடங்கின் வரவு செலவைப் பதிவேட்டில் தினமும் எழுதி வருபவனாக/வருபவளாக/வருபவராக இருக்க வேண்டும். அவனுக்கு/அவளுக்கு/அவர்களுக்கு உதவியாக ஒரு பையன்/பெண் கொடுக்கப்படுவான்/கொடுக்கப்படுவாள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அவன், அவள் என்று இரண்டு எழுதி, இரண்டிலும் சேராதவர்களுக்காக ‘அவர்கள்’ என்று மூன்றாவதையும் எழுதியாயிற்று. ஆங்கிலத் தாளில் ஒருவரைக் குறிக்கப் பன்மைச் சொல் வருவதைப் பார்த்து வந்த ‘அவர்கள்’ அது. அந்த வேலையைத் தமிழில் ‘அவர்’ எப்போதோ செய்து முடித்துவிட்டது. ‘அவர்கள்’ என்று எழுதினால், ஓர் இடத்துக்குப் பல பேரை எடுக்கப் போகிறீர்கள் என்று படிக்கிறவர் நினைப்பார்.

முதலில் பதவிப் பெயர். ஸ்டோர்மேனை ‘ஸ்டோர் கீப்பர்’ ஆக்கினால் போதும். ஆலையில் எல்லோரும் சொல்கிற சொல், பால் இல்லாத சொல். கிடங்குக் காப்பாளர் என்றும் எழுதலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் வாசலில் நிற்கும் காவலாளியிடம் போய் ‘கிடங்குக் காப்பாளர் வேலைக்கு வந்திருக்கிறேன்’ என்றால் அவர் ஒரு நிமிடம் யோசிப்பார். வாட்ச்மேனுக்குக் காவலாளி, ஆபீஸ் பாய்க்கு அலுவலக உதவியாளர், சேல்ஸ்மேனுக்கு விற்பனையாளர், பெருக்கும் பெண்ணுக்குத் தூய்மைப் பணியாளர். எல்லாமே புழக்கத்தில் இருப்பவைதான், புதிதாக ஒன்றும் உண்டாக்க வேண்டாம். விகுதியை மாற்றினால் மனதில் இருக்கும் படமும் உடனே மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். செவிலி என்றால் வளர்ப்புத் தாய். அதில் ‘அர்’ சேர்த்து எல்லோருக்கும் பொதுவாகச் செவிலியர் ஆக்கினோம். இன்றும் பாதிப் பேர் ‘ஆண் செவிலியர்’ என்று முன்னொட்டுப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் வெறும் செவிலியர் என்பது பெண் என்று ஒப்புக்கொண்டதாகிறது. பணி விவரத்தில் அந்த முன்னொட்டு வேண்டாம்.

அடுத்து, ‘எழுதி வருபவனாக இருக்க வேண்டும்’. இதை ‘வருபவராக’ என்று மாற்றுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, அந்த வாலையே வெட்டிவிடுவது. ‘கிடங்கின் வரவு செலவைப் பதிவேட்டில் தினமும் எழுத வேண்டும்.’ யார் எழுத வேண்டும்? தலைப்பில்தான் ஸ்டோர் கீப்பர் என்று போட்டிருக்கிறதே. தமிழ் வாக்கியத்துக்கு ஒவ்வொரு முறையும் எழுவாய் வேண்டியதில்லை. ‘வேண்டும்’ என்று முடியும் வாக்கியத்தில் பாலும் இல்லை, ஒருமை பன்மையும் இல்லை. பணி விவரம் முழுக்கச் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்தான் என்பதால், முக்கால்வாசி வரிகள் இந்த ஒரு வடிவத்துக்குள் அடங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எழுவாயை எடுக்கத் துணிந்ததும் சிலர் வினையையும் பெயராக்கிவிடுகிறார்கள். ‘வரவு செலவுப் பதிவு மேற்கொள்ளுதல்’, ‘சரக்குச் சரிபார்ப்புப் பணியினை நிறைவேற்றுதல்’. பால் போய்விட்டது, உயிரும் போய்விட்டது. ‘சரக்கை எண்ணிச் சரிபார்த்தல்’ என்று ஒற்றைத் தொழிற்பெயர் வந்தால் குற்றமில்லை. ‘மேற்கொள்ளுதல்’, ‘செயல்படுத்துதல்’ என்று இரண்டாவது வினை ஏறினால்தான் வாக்கியம் கனக்கிறது. தனியார் நிறுவனமாக இருந்தால் ‘நீங்கள்’ என்று நேராகவே பேசிவிடலாம். ‘நீங்கள் கவனிக்க வேண்டியவை’ என்று தலைப்புப் போட்டால் அதற்குப் பிறகு எல்லாமே தடையில்லாமல் ஓடும். அரசு அலுவலகத் தாள்களில் முன்னிலை வழக்கமில்லை, அங்கே ‘வேண்டும்’ போதும்.

அடுத்த வரியில் உள்ள பையனை ‘ஓர் உதவியாளர் இருப்பார்’ என்று மாற்றிவிடலாம். சாவி வரி அவ்வளவு சுலபமில்லை. இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பழைய தாளில் ‘மேற்பார்வையாளர் சாவியை ஒப்படைத்ததும் அவன் கையெழுத்திட வேண்டும்’ என்று இருந்தது. கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் குழப்பம் இல்லை. மரியாதை உள்ளவர் மேற்பார்வையாளர், மரியாதை இல்லாதவன் ஸ்டோர்மேன். இதை ‘அவர் கையெழுத்திட வேண்டும்’ என்று மாற்றினால் யார் கையெழுத்திடுவது? கொடுத்தவரா, வாங்கியவரா? கிடங்கில் ஒரு பேரிங் பெட்டி காணாமல் போன அன்றைக்கு இந்தக் கேள்வி பெரிய கேள்வியாகிவிடும். எல்லோரும் ‘அவர்’ ஆகும்போது நாம் கொடுக்கும் விலை இது. இல்லை என்று மறைக்க வேண்டியதில்லை. தப்பிக்க வழிகள் உண்டு. சுட்டுப் பெயரை விட்டுவிட்டுப் பதவிப் பெயரையே மறுபடி எழுதலாம். ‘பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட வேண்டும்’ என்று செயலை வைத்து ஆளைக் காட்டலாம். எனக்குப் பிடித்தது வாக்கியத்தை ஸ்டோர் கீப்பர் பக்கமிருந்து திருப்பி எழுதுவது: ‘மேற்பார்வையாளரிடமிருந்து சாவியைப் பெற்றதும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.’ பெறுகிறவர்தான் கையெழுத்திடுகிறவர். ‘அவர்’ என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இதற்குத் துணையாக ‘தன்’, ‘தம்’ இருக்கின்றன. ‘அவனது சான்றிதழ்கள்’, ‘அவளது சான்றிதழ்கள்’ என்று அல்லாட வேண்டாம். ‘விண்ணப்பிப்பவர் தம் சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டும்.’ ‘தன்’னிலும் பால் இல்லை, ‘தம்’மிலும் இல்லை. எழுவாய் ‘அர்’ என்று முடிவதால் ‘தம்’ பொருந்தும். ‘தனது’ என்று எழுதினாலும் இன்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இதுவரை பார்த்தது விகுதிச் சங்கதி. விகுதியில் மாட்டாமல் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பால்தான் அதிகத் தொல்லை. ‘இளைஞர்கள் விண்ணப்பிக்கவும்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப்படி ‘இளைஞர்’ எல்லோருக்கும் பொது. ஆனால் மேடையில் ‘இளைஞர்களே, இளம்பெண்களே’ என்று பிரித்துத்தானே கூப்பிடுகிறார்கள்? தாளில் இளைஞர் என்று பார்க்கும் பெண் அதைத் தன்னைக் கூப்பிடும் சொல்லாக எடுத்துக்கொள்வது அரிது. வயது வரம்பு உண்மையிலேயே தேவை என்றால் எண்ணில் போடுங்கள். தேவையில்லை என்றால் இளமையையும் எடுத்துவிடுங்கள்.

‘நல்ல உடல்வாகு’ இதைவிட மோசம். அந்தச் சொல்லில் வேலையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தேர்வு செய்கிறவர் மனதில் இருக்கும் ஓர் ஆணின் தோற்றம் மட்டும் இருக்கிறது. நீங்கள் கேட்க வந்தது என்ன? கிடங்கில் எதைத் தூக்க வேண்டும்? போய்ப் பாருங்கள். 20 லிட்டர் எண்ணெய் கேன் என்றால் சுமார் 18 கிலோ இருக்கும். அதற்கு மேல் போகும் மோட்டாரையும் பீப்பாயையும் எந்தப் பயில்வானும் கையால் தூக்குவதில்லை, கைவண்டியில்தான் தள்ளுகிறார்கள். அதை அப்படியே எழுதுங்கள். 18 கிலோ தூக்க முடியாத ஆண் தானாக விலகிக்கொள்வார், தூக்க முடிகிற பெண் தயங்காமல் வருவார். ‘துடிப்பான’ என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். மூன்று இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் பொருள் கேட்டு ஆள் வருவார்கள் என்பதுதான் விஷயம் என்றால், அதை எழுதினால் துடிப்பு தானாகவே புரிந்துவிடும்.

‘மனைவி, குழந்தைகளுக்கும் மருத்துவக் காப்பீடு’. பதவிப் பெயரையும் விகுதியையும் கவனமாக மாற்றியவர்கள்கூட இதை அப்படியே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சலுகைகள் பகுதி பெரும்பாலும் வேறொரு தாளிலிருந்து வெட்டி ஒட்டப்படுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. மேலே எத்தனை முறை ‘அர்’ போட்டிருந்தாலும், ‘மனைவி’ என்ற ஒரு சொல் இந்த வேலை ஆணுக்கு என்று சொல்லிவிடும். ‘வாழ்க்கைத் துணை’ என்று மாற்றினால் முடிந்தது. ஆனால் மாற்றுவதற்கு முன் காப்பீட்டு ஆவணத்தைப் பாருங்கள். பெண் ஊழியரின் கணவருக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை என்றால் வாக்கியத்தை மட்டும் மாற்றுவது ஏமாற்று. அப்போது திருத்த வேண்டியது திட்டம்.

அப்புறம் ‘ஆண்கள் மட்டும்’. இது நடைப் பிரச்சினையே இல்லை, சட்டப் பிரச்சினை. ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் 3-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. பெண்களை ஒரு வேலையில் அமர்த்துவதைச் சட்டமே தடுத்தோ கட்டுப்படுத்தியோ இருந்தால் மட்டும் விலக்கு. ஸ்டோர் கீப்பர் வேலைக்கு அப்படியொரு தடையும் இல்லை. ‘இரவுப் பணி இருக்கிறதே’ என்பீர்கள். பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. இப்போதைய விதியிலும் சம்மதம், பாதுகாப்பு போன்ற நிபந்தனைகள்தான் உண்டு, தடை இல்லை.

இந்த இடத்தில் பொதுச் சொல்லை வலிந்து போட வேண்டாம் என்பது என் கட்சி. சம்மதம் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்வது பெண் ஊழியர்களிடம். அதைப் ‘பெண் ஊழியர்கள்’ என்றே எழுதுங்கள். மகப்பேறு விடுப்பும் அப்படித்தான். பெண்கள் விடுதிக் காப்பாளர், வாசலில் பெண்களைச் சோதனையிடும் பாதுகாவலர் போன்ற பணிகளில் பெண் என்பது வேலையின் தேவை. அங்கே அதை மழுப்பினால் வருகிறவர்களை வீணாக அலைக்கழிப்பதுதான் மிச்சம். பால் எங்கே வேலையின் தேவையோ அங்கே ஒரே ஒரு முறை, காரணத்தோடு சொல்லுங்கள். மற்ற இடங்களில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

‘எல்லாப் பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம்’ என்ற வரியும் ஒரு முறை போதும், தலைப்புக்கு அடியில். ‘ஆண்/பெண்/திருநர்’ என்று ஒவ்வொரு பத்தியிலும் அடுக்கினால் படிப்பவருக்குத் தகவல் கூடுவதில்லை. தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் திருநர், திருநங்கை, திருநம்பி என்ற சொற்களைப் பயன்படுத்துங்கள். ‘இதரர்’ என்று எழுதாதீர்கள். மனிதரை மிச்சம் மீதிப் பட்டியலில் தள்ளும் சொல் அது.

வாக்கியத்தைச் சரி செய்துவிட்டு விண்ணப்பப் படிவத்தை மறந்துவிடாதீர்கள். பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. திருநங்கையான அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2015-இல் சாதகமான தீர்ப்பு பெற்று, 2017-இல் பணியில் சேர்ந்தார். திருநரை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-இல் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே படிவத்தில் பாலினம் என்ற கட்டம் எதற்காக இருக்கிறது என்று கேளுங்கள். கணக்கெடுப்புக்காக என்றால் மூன்றாவது கட்டமும் வேண்டும், சொல்ல விரும்பாதவருக்கு ஒரு கட்டமும் வேண்டும். எதற்கும் பயன்படவில்லை என்றால் எடுத்துவிடலாம். ‘தந்தை/கணவர் பெயர்’ என்ற பழைய கட்டமும் இந்த ரகம்தான். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதுதான் தேவை என்றால் அதை அப்படியே கேளுங்கள். பெயருக்கு முன் திரு, திருமதி, செல்வி என்று டிக் அடிக்கச் சொல்வதும் எதற்கு என்று எனக்கு விளங்கியதே இல்லை. கல்யாணம் ஆயிற்றா என்று பெண்ணிடம் மட்டும் கேட்கும் கட்டம் அது.

சரி, ஸ்டோர்மேன் தாளை முடித்துவிடுவோம்.

> ஸ்டோர் கீப்பர் – ஓர் இடம். எல்லாப் பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம். உதிரிபாகக் கிடங்கின் வரவு செலவைத் தினமும் பதிவேட்டில் எழுத வேண்டும். வரும் சரக்கை எண்ணிச் சரிபார்த்து அடுக்க வேண்டும். 20 லிட்டர் எண்ணெய் கேன் அளவுக்கு, சுமார் 18 கிலோ வரை, தூக்க வேண்டியிருக்கும்; அதைவிடக் கனமானவற்றுக்குக் கைவண்டி உண்டு. துணைக்கு ஓர் உதவியாளர் இருப்பார். மேற்பார்வையாளரிடமிருந்து சாவியைப் பெற்றதும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மாலையில் தூய்மைப் பணி முடிந்தபின் கிடங்கைப் பூட்ட வேண்டும். வாரம் ஒரு முறை இரவுப் பணி உண்டு. பெண் ஊழியர்களுக்கு அவர்கள் சம்மதத்தின் பேரில் மட்டும், வீடு வரை வாகன வசதியோடு. பணியாளருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு.

ஒரு சாய்கோடுகூட இல்லை. பழைய தாளைவிடக் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கூடிய வரிகள் எல்லாம் வேலையைப் பற்றிய தகவல்கள். ‘பெருக்கும் பெண்’ இருந்த இடத்தில் ஆளே இல்லை என்பதையும் பாருங்கள். ஸ்டோர் கீப்பருக்குத் தெரிய வேண்டியது பெருக்கி முடித்தாயிற்றா என்பது மட்டும்தான். பெருக்கியவர் யார் என்பதற்கு அந்த வரியில் வேலையில்லை.

அனுப்பும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். கணினியில் ‘அவன்’, ‘அவள்’ என்று மட்டும் தேடிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். பால் வினைமுற்றிலும் வினையாலணையும் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘வருபவன்’, ‘செய்பவள்’, ‘கொடுக்கப்படுவான்’ எல்லாம் அந்தத் தேடலில் அகப்படாது. வேற்றுமை உருபு சேர்ந்தாலும் வடிவம் மாறிவிடும். ‘அவனுக்கு’, ‘அவளது’, ‘அவனால்’ என்று தனித்தனியாகத் தேட வேண்டும். ‘மேன்’, ‘பாய்’, ‘பையன்’, ‘மனைவி’, ‘இளைஞ’, அப்புறம் அந்தச் சாய்கோடு, இவற்றையும் தேடுங்கள்.

இரண்டாவது சோதனை எளிது. தாளை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். முதல் முறை ஸ்டோர் கீப்பர் என்று வரும் இடத்தில் முருகேசன் என்று வைத்துப் படியுங்கள். அடுத்த முறை தமிழ்ச்செல்வி. எந்த வரியில் தமிழ்ச்செல்வி இடறுகிறாரோ அந்த வரியில் பால் இன்னும் ஒளிந்திருக்கிறது. எந்த வரியில் உங்கள் நாக்கு இடறுகிறதோ அந்த வரியில் திருத்தம் அளவுக்கு மீறிவிட்டது.

கடைசியாக ஒரு கோரிக்கை. காவலாளி, தூய்மைப் பணியாளர், சமையலர் போன்றவர்களை இப்போது பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கிறீர்கள். அந்தப் பணி விவரங்களை ஒப்பந்தக்காரரே எழுதிக்கொள்கிறார், உங்கள் திருத்தம் அந்தத் தாள்களைத் தொடுவதே இல்லை. ‘லேடீஸ் 4, ஜென்ட்ஸ் 2’ என்று எழுதிய துண்டுச் சீட்டு அப்படியே வாசலில் ஒட்டப்படுகிறது. அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, பணி விவரம் உங்கள் கையால் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேருங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினாலும் சரி, உங்கள் ஊரில் இருக்கும் வேறொரு பிழை திருத்துநரிடம் கொடுத்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் தாள்களைத் திருத்துகிறவர்